பெயரில்லாப் புகாரும் அதன் எல்லையும்

பெங்களூரு இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் கணக்குமுறை குறித்து, 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட பெயரில்லாக் கடிதம் ஒன்று புகார் கூறியது. எழுதியவர்கள் மறைந்தே இருந்தனர். ஆயினும் விசாரணை நடைபெற்றது. இதுவே இவ்வழியின் பயன்.

மின்னஞ்சல்களும் குரல்பதிவுகளும் தங்களிடம் உள்ளதாக எழுதியிருந்தனர். ஆனால் அவை தமக்கு அளிக்கப்படவில்லை என நிறுவனத் தலைவர் அக்டோபரில் தெரிவித்தார். முறைகேட்டிற்கு ஆதாரமில்லை என்று தணிக்கைக் குழு 2020 சனவரியில் முடிவு கூறியது.

பெயரில்லாதவரிடம் மறுகேள்வி கேட்பது அரிது. கடிதமே விடை சொல்ல வேண்டும். 'கடன் பிரிவில் கையூட்டு வாங்குகிறார்கள்' என்றால் நாங்கள் எதைத் தேடுவது? 'மார்ச் 12 அன்று, இக்கிளையில், 5 லட்ச ரூபாய்க் கடனுக்கு இன்ன அலுவலர் 10,000 ரூபாய் கேட்டார்; இந்தக் கணக்கிற்கு அனுப்பப்பட்டது' என்றால் ஏடுகளில் சரிபார்க்கலாம். கண்டதையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுங்கள்.

பொதுத்துறை வங்கிகள் குறித்த பெயரில்லாப் புகார்களின் மீது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் நடவடிக்கை எடுப்பதில்லை. அதற்கு மாற்றுவழி 2004ஆம் ஆண்டுத் தீர்மானம். ஒட்டிய உறையின் மேல் PIDPI என்று மட்டும் குறித்து, பெயரையும் முகவரியையும் உள்ளிருக்கும் கடிதத்தில் எழுதி, ஆணையச் செயலாளருக்கு அனுப்புங்கள். உங்கள் அடையாளத்தை ஆணையம் மறைத்துக் காக்கும்.