சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுகிறவர்களுக்கு

புக்கிட் ரோத்தானில் நான் நடத்தும் டியூஷன் வகுப்பில் நான்காம் படிவப் பையன்கள் இரண்டு பேர். தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலிருந்து ஒரே பெஞ்சு. இந்த ஆண்டு ஒருநாள் வந்து பார்த்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஒருவன் வீடு செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் ஆலைக்குப் பக்கத்து லயத்தில் இருக்கிறது. மற்றவன் குடும்பம் தாமானுக்குக் குடிமாறி விட்டது. இடைவேளையில் கோரேங் பீசாங் தின்றுகொண்டே தாமான் பையன் சொல்லியிருக்கிறான்: “ஆலை வாசம் வருது, ஐயா வந்துட்டாரு போல.” எல்லோரும் சிரித்தார்கள். தோட்டத்துப் பையனும் சேர்ந்து சிரித்தான். அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டான்: “சில பேரு யாருன்னு இப்பத்தான் தெரியுது.” மறுநாள் அவனுக்குப் பதில் ஸ்டேட்டஸ் வந்தது. மூன்றாம் நாள் அம்மாக்களுக்கும் தெரிந்துவிட்டது.

இப்படி ஒரு பேச்சு வலித்தால் என்ன செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விழுங்கிவிடலாம், திருப்பிக் கொடுக்கலாம், மூன்றாம் ஆளிடம் சொல்லி அனுப்பலாம், எழுதலாம், நேரில் சொல்லலாம். பிள்ளைகள் இதில் எதையும் யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. “விடு, கண்டுக்காதே” என்கிறார் அம்மா. “நீயும் ரெண்டு குடு” என்கிறார் மாமா. கூட்டாளிகள் எல்லோரும் ஸ்டேட்டஸ் போடுகிறார்கள், இவனும் போடுகிறான். விழுங்கினால் அடுத்த வாரம் அதே ஜோக் இன்னொரு வடிவத்தில் வரும், ஏனென்றால் சிரித்தவன் பிடித்துத்தான் சிரித்தான் என்று சொன்னவன் நினைத்திருப்பான். திருப்பிக் கொடுத்தால் அது போட்டியாகிவிடும். இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது அந்த ஸ்டேட்டஸைப் பற்றித்தான். அதைப் பிள்ளைகள் பெரிய நாகரிகம் என்று நினைக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, திட்டவில்லை, சண்டை போடவில்லை என்கிறார்கள். எங்கள் லயத்துப் பைப்படியில் இதற்குப் பழைய பெயர் உண்டு: ஜாடைப் பேச்சு. குடத்தை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்து, “சில பேருக்கு ரொம்பத் திமிரு வந்துருச்சு” என்பார்கள். யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். அவர் பதில் சொன்னால், “உன்னையா சொன்னேன்?” என்று கேட்டுவிடலாம். ஜாடைப் பேச்சில் பதில் பேச வழி கிடையாது. வேண்டியவனுக்கும் வேண்டாதவனுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேருவதால், கேலி செய்தவன் தன் தப்பை யோசிப்பதற்கு முன் தன் மானத்தைக் காப்பாற்ற ஓடுகிறான். ஆலை வாசப் பேச்சைக் கேட்டவர்கள் ஆறு பேர். ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் வகுப்பு முழுவதும்.

தனியாக நீளமாக மெசேஜ் எழுதுவது இதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் அதைச் செய்யச் சொல்லமாட்டேன். எழுத்தில் குரல் போய்விடும். 2005-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் வேறு இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாங்கள் கேலியாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்பதை மின்னஞ்சல் படிப்பவர் 78 விழுக்காடு சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். புரிந்தது 56 விழுக்காடுதான். அது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சம்தான் மேல். குரலில் சொன்னபோது 73 வந்தது.

எனக்கு இது ஆய்வு படித்துத் தெரிந்ததில்லை. இருபது வயதில் ஒரு கூட்டாளிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். கல்யாண வீட்டில் என் இங்கிலீஷைப் பத்துப் பேர் முன்னால் நடித்துக் காட்டியிருந்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி, அவன் எனக்குத் தர வேண்டிய பணத்தைப் பற்றி, தவறாக எழுதிவிட்டேன். அவன் பதில் முழுக்க அந்த ஒரு வரிக்குத்தான். நீளமாக எழுதினால் படிப்பவன் அதில் பலவீனமான வரியைப் பிடித்துக்கொள்வான். அவன் ஷா ஆலாம் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனான். நாங்கள் அப்புறம் பேசவே இல்லை. அதனால் நேரில் சொல்லும் கட்சிதான் நான்.

சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. திருக்குறளில் ‘பழைமை’ அதிகாரத்தில், நண்பர் நோகும்படி ஏதாவது செய்தால் அது அறியாமை, இல்லையென்றால் உரிமை மிகுதி என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். தொல்காப்பியரும் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணும்போது, எள்ளலோடு பேதைமையையும் வைத்திருக்கிறார். கூட்டாளி சொன்னது இதில் எது என்று உனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு போனால், குரல் தானாகவே கேட்கிற குரலாக இருக்கும்.

பிறகு வார்த்தை. “நீ என்னைக் கேவலப்படுத்திட்டே” என்றால் அவன் உடனே, “நான் எங்கடா கேவலப்படுத்தினேன்?” என்பான். பேச்சு அங்கேயே வழக்காகிவிடும். ‘நீ’ என்று தொடங்காமல் ‘நான்’ என்று தொடங்குங்கள் என்று அமெரிக்காவின் தாமஸ் கோர்டன் 1970-இல் வெளிவந்த தம் புத்தகத்தில் பெற்றோருக்குச் சொன்னார். அதைக் கேட்டு நம் தன்முனைப்பு முகாம்களில், “நான் வருத்தமாக உணர்கிறேன்” என்று பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. தமிழில் அதற்கு ‘எனக்கு’ இருக்கிறது. எனக்குப் பசிக்குது, எனக்குக் குளிருது, எனக்கு வலிச்சுச்சு. அந்த வாக்கியத்தில் செய்தவன் என்று ஒருவன் நிற்பதில்லை. அதனால் எதிரில் இருப்பவன் தற்காத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தோட்டத்துப் பையனை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தோம். முதலில் அவன் சொன்னது: “நீ எப்பவும் என்னைய மட்டம் தட்டுற.” ‘எப்பவும்’ என்ற வார்த்தையை எடுக்கச் சொன்னேன். அவன் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்லு, எந்த இடம் வலித்தது என்று சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு வந்தது இது: “அன்னைக்கு ஆலை வாசம்னு சொன்னில்ல, அது எனக்கு வலிச்சுருச்சுடா. அப்பா அங்கதான் வேலை. வீட்டுக்கு வந்து மூணு தடவ சோப்பு போட்டுக் குளிக்கிறாரு. நீ என்ன நெனச்சு அதச் சொன்னே?” இதற்கு மேல் நான் எதையும் திருத்தவில்லை. கடைசிக் கேள்வியை மட்டும் கவனியுங்கள். “ஏன்டா சொன்னே?” என்பது போலீஸ் கேள்வி. “என்ன நெனச்சு?” என்றால் அவன் தன் மனதைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இடமும் முக்கியம். நேருக்கு நேர் உட்கார வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது கண்ணைப் பார்க்கும் கட்டாயமில்லை, வெட்கம் குறைகிறது. வாய் வராத பிள்ளை துண்டுத் தாளில் மூன்று வரி எழுதி, அதை அவனே வாசித்துக் காட்டலாம். அனுப்பக் கூடாது.

முதல் பதில் பெரும்பாலும், “சும்மா விளையாட்டுக்குத்தான்டா” என்றுதான் வரும். அது மறுப்பு இல்லை, பதற்றம். “தெரியும்டா, ஆனா வலிச்சுச்சு” என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பெரும்பாலான பேச்சு கெடுவது இந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான். வலி தெரிந்த பிறகும் அதே வார்த்தையை நாலு பேர் முன்னால் மறுபடி சொல்கிறான் என்றால் அது பேதைமை இல்லை. அப்போது விலகிக்கொள்வது சரி. வள்ளுவர் தீ நட்புக்கும் தனி அதிகாரம் வைத்திருக்கிறார்.

அவர்கள் வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டே பேசினார்கள். நான் கூடப் போகவில்லை. தாமான் பையன் முதலில் விளையாட்டுக்குத்தான் என்றானாம். பிறகு பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லையாம். பஸ்ஸில் ஏறிய பிறகு, “எங்க தாத்தாவும் அந்த ஆலையிலதான்டா இருந்தாரு” என்றானாம். அடுத்த வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை. அடுத்தடுத்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கோரேங் பீசாங் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது, அது இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தது.