ராத்திரியில் உளறும் பாட்டிக்கு மறதி நோயா?

எலும்பு முறிவு வார்டில் எந்த வாரம் போனாலும் இப்படி ஒரு பாட்டியைப் பார்க்கலாம். வயது 76. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டருகே எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மறுநாள் மதியம் வரை பிரச்சினை இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பிக்கிறது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்கிறார். பல வருஷங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்த கணவருக்குச் சாப்பாடு போட்டாயா என்று மருமகளைக் கேட்கிறார். கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்கப் பார்க்கிறார். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருப்பவர் தீர்ப்பே சொல்லிவிடுகிறார்: "எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மறதி நோய்தான்."

நம்பிக்கை: வயதானவர் மாற்றிப் பேசினால் அது டிமென்ஷியா.

உண்மை: டிமென்ஷியா ஒரே சாயங்காலத்தில் வருவதில்லை. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ப்பது அது. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ புத்தி குழம்பினால் அதற்குப் பெயர் டெலிரியம். நம் பெரியவர்கள் 'சன்னி கண்டுடுச்சு' என்பார்கள். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு, அது மூளையில் வந்து வெளிப்படுகிறது. கோளாறைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய டாக்டர்கள் முதலில் பார்ப்பது ஞாபகத்தை அல்ல, கவனத்தை. அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனோய் குழுவினர் 1990இல் வகுத்த பரிசோதனை முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. குழப்பம் திடீரென வந்து, கூடிக் குறைந்துகொண்டிருக்க வேண்டும்; கவனம் சிதற வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் அந்த முறைப்படி டெலிரியம் என்று சொல்ல முடியாது. இவற்றோடு பேச்சில் கோர்வையின்மையோ, விழிப்பு நிலையில் மாற்றமோ இருந்தால் டெலிரியம்.

கவனத்தை வீட்டு ஆட்களே சோதிக்கலாம். கிழமைகளைச் சனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் கிழமை தெரியும். டெலிரியம் வந்தவர் "சனி, வெள்ளி" என்று தொடங்கி, நடுவில் விட்டத்தைப் பார்ப்பார்; அல்லது "சனி, ஞாயிறு, திங்கள்" என்று முன்பக்கமாகப் போய்விடுவார்; அல்லது கேள்வியையே மறந்துவிடுவார். டிமென்ஷியாவின் தொடக்கத்தில் இருப்பவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை மறந்திருக்கலாம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து, தப்போ சரியோ, பெரும்பாலும் ஏழு நாளையும் சொல்லி முடிக்க முயல்வார். முற்றிய டிமென்ஷியாவில் இந்தச் சோதனை உதவாது. அங்கே ஒரே கேள்விதான்: போன வாரம் இருந்ததற்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறதா? ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவருக்குத்தான் டெலிரியம் இன்னும் சுலபமாக வரும். அதை 'பழைய நோய்தானே' என்று தள்ளிவிடுவதும் அந்த வீடுகளில்தான் அதிகம்.

நம்பிக்கை: கத்தாமல் தூங்குகிறார் என்றால் தேறிவிட்டார்.

உண்மை: ஆபத்து அதிகம் இங்கேதான். நம் பாட்டி மறுநாள் காலை தெளிவாகப் பேசினார், காபி கேட்டார். வீடே நிம்மதியானது. மதியத்துக்கு மேல் கண்ணை மூடியவர் எழுந்திருக்கவில்லை. "ராத்திரியெல்லாம் தூங்கலை, தூங்கட்டும்" என்றார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் 'உம்' என்கிறார், அடுத்த வார்த்தைக்குள் இமை மூடிக்கொள்கிறது. ஊட்டிய ரசம் சாதம் விழுங்கப்படாமல் கன்னத்துக்குள் கிடக்கிறது.

இது டெலிரியத்தின் அமைதியான வகை. யாருக்கும் தொந்தரவு இல்லாததால் வார்டிலும் தப்பிவிடும், வீட்டாரும் அசதி என்றோ மனச்சோர்வு என்றோ நினைப்பார்கள். புரையேறி நிமோனியா வருவதும், படுக்கைப் புண் வருவதும் இவர்களுக்கு அதிகம். டிரிப்ஸைப் பிடுங்குகிறவரிடம் நர்ஸ் ஓடி வருவார். பேசாமல் கிடப்பவரிடம் நாம்தான் யாரையாவது கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டால் என்ன சொல்வது? "அம்மாவுக்கு முடியலை" என்பது போதாது. பாட்டியின் மகன் டியூட்டி டாக்டரிடம் சொன்னது இது: "நேத்து மதியம் வரைக்கும் என்கிட்ட வீட்டு வரி கட்டியாச்சான்னு கேட்டாங்க. சாயங்காலம் குழப்பம், காலையில சரியா இருந்தாங்க, இப்ப எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்கிறாங்க." திடீர் மாற்றம், ஏற்ற இறக்கம், விழிப்பு நிலை மாற்றம் மூன்றும் இதற்குள் வந்துவிட்டன. டாக்டருக்குப் பாட்டியைத் தெரிந்தது இரண்டு நாளாகத்தான். முந்தின வாரத்துப் பாட்டியைத் தெரிந்தவர் மகன் மட்டுமே.

டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கல் போல இருந்தது. காலையில் யூரின் ட்யூபை எடுத்த பிறகு பாட்டி சிறுநீரே கழிக்கவில்லை. மறுபடி ட்யூப் போட்டதும் 800 மில்லி வந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால், அரிப்புக்காக இரண்டு வேளை அவில் ஊசி போயிருக்கிறது. அந்த வகை மருந்து வயதானவர்களுக்குச் சிறுநீரையும் அடைக்கும், புத்தியையும் குழப்பும். மலம் போய் நான்கு நாள். மூக்குக் கண்ணாடி வீட்டு அலமாரியில். ஒவ்வொன்றும் தனியாகச் சின்ன விஷயம், சேர்ந்தால் இதுதான் விளைவு. இன்னொருவருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ, சிறுநீர்த் தொற்றோ, அடங்காத வலியோ காரணமாகலாம். தினம் குடிக்கிறவரும், பல வருஷமாகத் தூக்க மாத்திரை போடுகிறவரும் அட்மிஷன் அன்று கூச்சப்பட்டு மறைத்தால், இரண்டாம் மூன்றாம் நாள் அது நின்றதாலேயே டெலிரியம் வரலாம். தயவுசெய்து முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: தூங்க ஒரு ஊசி போட்டு, கையைக் கட்டினால் சரியாகும்.

உண்மை: கட்டினால் பயம் கூடி இன்னும் திமிறுவார். தூக்க ஊசி குழப்பத்தை நீட்டிக்கும். குடியையோ தூக்க மாத்திரையையோ நிறுத்தியதால் வந்த டெலிரியத்துக்கு மட்டும் அந்த மருந்துகளே சிகிச்சை. மற்றபடி, தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலையில்தான் வேறு மருந்தைக் குறைந்த அளவில், கொஞ்ச நாளுக்கு டாக்டர்கள் தருவார்கள்.

உண்மையில் பயன்படுபவை மருந்துக் கடையில் கிடைக்காது. இனோயின் குழு 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியானது. கண்ணாடியும் காது மெஷினும் மாட்டுவது, தேதியும் இடமும் சொல்லிப் பேசுவது, தண்ணீர் கொடுப்பது, நடக்க வைப்பது, மாத்திரை இல்லாமல் தூங்க வைப்பது என்ற இந்த வேலைகளைச் செய்த பிரிவில் 9.9 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம். முழுக்கத் தடுக்கவில்லைதான். ஆனாலும் டெலிரியம் வர இருந்தவர்களில் மூன்றில் ஒருவர் தப்பிக்கிறார். 'எறும்பே இல்லை' என்று பாட்டியோடு வாதாட வேண்டாம். "நான் பாத்துக்கறேன்மா, இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு" என்று கையைப் பிடித்துச் சொன்னால் போதும். துணைக்கு ஆள் மாறி மாறி வருவதைவிடத் தெரிந்த ஒரே முகம் இருப்பது நல்லது.

நம்பிக்கை: வீட்டுக்கு வந்தால் அன்றைக்கே பழையபடி ஆகிவிடும்.

உண்மை: சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். வார்டில் இருக்கும்போதே மறதிப் பரிசோதனை செய்து டிமென்ஷியா என்று முத்திரை குத்தக் கூடாது. மூன்று மாதம் கழித்தும் குழப்பம் இருந்தால் நினைவாற்றல் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு கூடுதல். ஒருமுறை வந்தது அடுத்த ஆபரேஷனிலும் வரலாம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் டெலிரியம் வந்ததும், எந்த மருந்தால் வந்தது என்பதும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் அந்தக் காகிதத்தைத்தான் காட்ட வேண்டும்.