பதினெட்டாம் இடத்துக் காவலன்

நுழையும்முன்

எண்ணைப் படியெடுக்கும்போது மனிதர் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இரண்டே வகையின. ஓர் இலக்கத்தை வேறோர் இலக்கமாக எழுதிவிடுவது ஒன்று. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிடுவது மற்றொன்று. எழுதியவர் கண்ணுக்கு அப்பிழை தெரிவதில்லை. எண்ணே தன் பிழையைக் காட்டிக்கொடுக்குமாறு அமைக்க இயலுமா? சீன நாட்டுக் குடிமக்களின் அடையாள எண் அதற்கு விடையாக அமைந்துள்ளது.

எண்ணின் அமைப்பு

சீனக் குடிமகன் ஒவ்வொருவருக்கும் பதினெட்டு இடங்களைக் கொண்ட அடையாள எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் எண் பதியப்பட்ட ஊர்ப்பகுதியைக் குறிக்கும். அடுத்த எட்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைக் காட்டும். அதன்பின் வரும் மூன்று இலக்கங்கள் வரிசை எண்ணாகும். ஒரே பகுதியில் ஒரே நாளில் பிறந்தோரை இது பிரித்துக் காட்டுகிறது. இவ்வரிசை எண் ஒற்றைப்படை எனில் ஆண். இரட்டைப்படை எனில் பெண்.

பதினெட்டாம் இடம் எவரைப் பற்றியும் எதையும் கூறுவதில்லை. முன்னுள்ள பதினேழு இலக்கங்களும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்பதைக் காப்பதே அதன் பணி. அதனால் அது சரிபார்ப்பு இலக்கம் எனப்படும். பழைய அடையாள எண் பதினைந்து இலக்கங்களைக் கொண்டிருந்தது. அதில் இக்காவல் இல்லை. 1999ஆம் ஆண்டில் வெளியான தேசியத் தர வரையறை பதினெட்டு இட அமைப்பை வகுத்தது.

கணக்கிடும் முறை

அத்தர வரையறை எடுத்துக்காட்டாகத் தரும் எண் 11010519491231002X என்பதாகும். 110105 என்பது பெய்ஜிங் நகரின் சாவோயாங் பகுதி. பிறந்த நாள் 1949 டிசம்பர் 31. வரிசை எண் 002. ஆகவே இது ஒரு பெண்ணின் எண். இறுதியில் நிற்கும் X என்பது உரோமானிய எண்முறையில் பத்தைக் குறிக்கும்.

ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் எடை உண்டு. இலக்கத்தை அதன் எடையால் பெருக்கி, பெருக்கற்பலன்களைக் கூட்டவேண்டும்.

```
இலக்கம்: 1 1  0 1 0  5 1 9  4  9 1  2  3 1 0 0 2
எடை:    7 9 10 5 8  4 2 1  6  3 7  9 10 5 8 4 2
பலன்:   7 9  0 5 0 20 2 9 24 27 7 18 30 5 0 0 4
```

கூட்டுத்தொகை 167. இதனைப் பதினொன்றால் வகுக்க, மீதி 2. சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்து வகுக்கும்போது மீதி 1 வரவேண்டும் என்பது விதி. 167உடன் பத்தைக் கூட்டினால் 177. அது 176ஐவிட ஒன்று மிகுதி. 176 பதினொன்றின் மடங்கு. எனவே சரிபார்ப்பு இலக்கம் பத்து. பத்து என்று எழுதினால் இரண்டு இடங்களை அடைத்துக்கொள்ளும். ஆதலால் X என்னும் ஒற்றைக் குறி எழுதப்படுகிறது.

பிழை பிடிபடும் விதம்

எழுத்தர் ஒருவர் 1949 என்பதை 1994 எனத் தட்டச்சு செய்துவிட்டார் எனக் கொள்வோம். மூதாட்டி ஒருவர் நாற்பத்தைந்து ஆண்டுகள் இளையவராகிவிடுகிறார். ஓய்வூதியம் கேட்டு வந்தவருக்கு அதற்குரிய அகவை இல்லை என்னும் மறுமொழி கிடைக்கக்கூடும். 1994 டிசம்பர் 31 என்பதும் முறையான நாளே; ஆகையால் நாளை மட்டும் பார்த்து இப்பிழையைக் கண்டறிய இயலாது.

எடையின்றி இலக்கங்களை மட்டும் கூட்டிப் பார்த்தாலும் பயனில்லை. 1949, 1994 ஆகிய இரண்டின் இலக்கக் கூடுதலும் 23 தான். எடைகள் வேறுபடுவதால்தான் இடமாற்றம் வெளிப்படுகிறது. இவ்விரண்டு இடங்களின் எடைகள் 6, 3. முன்னர் 24உம் 27உம் சேர்ந்து 51 தந்தன. இப்போது 54உம் 12உம் சேர்ந்து 66 தருகின்றன. மொத்தம் 182ஆக உயர்கிறது. பதினொன்றால் வகுக்க மீதி 6. அம்மீதிக்கு உரிய சரிபார்ப்பு இலக்கமும் 6 ஆகும். ஆனால், எண்ணின் இறுதியில் X நிற்கிறது. கணினி அந்த எண்ணை ஏற்க மறுக்கிறது.

பதினொன்றின் சிறப்பு

பத்தால் வகுக்காமல் பதினொன்றால் வகுப்பது ஏன்? பத்தால் வகுப்பதாக வைத்துக்கொண்டால், எடை 2 உள்ள இடத்தில் 0 என்பது 5 என மாறும்போது கூட்டுத்தொகை சரியாகப் பத்து கூடும், மீதி மாறாது, பிழை மறைந்துவிடும். பதினொன்று பகா எண். ஓர் இலக்கம் மாறும்போது ஏற்படும் வேறுபாடு 1 முதல் 9 வரையே இருக்கும். எடையோ 1 முதல் 10 வரை. இவ்விரண்டின் பெருக்கற்பலன் ஒருபோதும் பதினொன்றின் மடங்காகாது. ஆகவே, ஒற்றை இலக்கப் பிழை எதுவும் தப்புவதில்லை.

எடைகளும் ஓர் ஒழுங்கில் அமைந்தவையே. பதினேழாம் இடத்தின் எடை 2. அங்கிருந்து இடப்புறம் செல்லச் செல்ல எடை இருமடங்காகும். பதினொன்றைத் தாண்டும்போது பதினொன்று கழிக்கப்படும். 2, 4, 8 என வந்து, 16க்கு மாறாக 5 நிற்பது இதனாலேயே. அடுத்தடுத்த இடங்களின் எடைகள் எங்கும் ஒன்றாக வருவதில்லை. எனவே, அடுத்தடுத்து நிற்கும் வெவ்வேறு இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் அதுவும் தவறாமல் பிடிபடும்.

காவலின் எல்லை

ஒரே எண்ணில் இரு பிழைகள் நேர்ந்தால் அவை ஒன்றையொன்று மறைத்துவிடக்கூடும். மேற்கண்ட எண்ணில் 1949 என்பது 1946 எனவும், 002 என்பது 001 எனவும் எழுதப்பட்டால், முதற்பிழை கூட்டுத்தொகையில் ஒன்பதைக் குறைக்கும். இரண்டாவது இரண்டைக் குறைக்கும். மொத்தக் குறைவு பதினொன்று. மீதி மாறாமல் 2 ஆகவே நிற்பதால் X பொருந்திவிடும். பிறந்த ஆண்டு மாறியதோடு, பெண் என்ற குறிப்பு ஆண் எனவும் மாறிவிடுகிறது. ஆயினும் கணக்கு அதனைச் சரியென்றே கூறும்.

மேலும், இம்முறையை அறிந்த எவரும் பொருந்தக்கூடிய எண்ணைத் தாமே உருவாக்கலாம். கணக்கில் தேறிய எண்ணுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கோ, எண்ணைத் தந்தவரே அவர் என்பதற்கோ இது சான்றாகாது. அவற்றை அறியப் பதிவேட்டையே பார்க்கவேண்டும். கணக்கில் தோற்ற எண் பிழையானது என்பது உறுதி. தேறிய எண் சரியானது என்பது உறுதியன்று.

> தெரிந்து தெளிவோம்
>
> | மீதி | 0 | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 | 9 | 10 |
> |---|---|---|---|---|---|---|---|---|---|---|---|
> | சரிபார்ப்பு இலக்கம் | 1 | 0 | X | 9 | 8 | 7 | 6 | 5 | 4 | 3 | 2 |

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் உள்ள எண்ணில் 1949 என்பதை மட்டும் 1946 என மாற்றிக் கூட்டுத்தொகையையும் மீதியையும் காண்க. X பொருந்துகிறதா?
2. முதலாம் இடத்திற்கும் பதினோராம் இடத்திற்கும் எடை ஒன்றே. அவ்விரண்டு இடங்களிலும் உள்ள வெவ்வேறு இலக்கங்கள் தம்முள் இடம் மாறினால் பிழை பிடிபடுமா? காரணத்துடன் விளக்குக.
3. 'கணக்கில் தேறிய எண் சரியானது என்பது உறுதியன்று' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.