மழைக்காலமும் ஒழுகும் காதும்: விக்கிரவாண்டி வட்டாரத்துக்கு ஐப்பசி, கார்த்திகை ஆலோசனை

ஐப்பசி பிறந்து ஏரிகளில் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டால், வீட்டில் யாருக்காவது காதில் சீழ் வடிகிறதா என்று இப்போதே பாருங்கள். வருஷக்கணக்கில் விட்டுவிட்டு ஒழுகும் காதுகள் மறுபடி ஒழுகத் தொடங்கும் பருவம் இது. ஒரு பக்கம் சளி, இன்னொரு பக்கம் தீபாவளி எண்ணெய்க் குளியல், அதற்கப்புறம் ஏரியிலும் பம்புசெட்டுத் தொட்டியிலும் பிள்ளைகள் போடும் ஆட்டம். மூன்றும் இந்த இரண்டு மாதத்தில்தான் சேர்ந்து வருகின்றன.

இரண்டு வாரத்துக்கு மேல் ஒழுகும் காதில் பெரும்பாலும் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். சிறு வயதில் சளியோடு காதுவலி வந்து, சவ்வு கிழிந்து, மூடாமலே நின்றுவிட்ட ஓட்டை அது. வலி இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த ஓட்டை வழியாக நடுக்காதுக்குள் தண்ணீர் போனால் சூடோமோனாஸ் என்ற கிருமி அங்கே வளர்ந்து சீழ் கட்டுகிறது. ஈரத்தில் வாழும் கிருமி அது. காதை ஈரமாக வைத்துக்கொண்டு எந்த மருந்து போட்டாலும் அது போவதில்லை.

ஆகவே முதல் வேலை காதைக் காய வைப்பது. மருந்து இரண்டாவது. இந்த வரிசையை மாற்றுவதால்தான் பலருக்கு மருந்து பலிக்காமல் போகிறது. சீழ் நிறைந்த காதில் சொட்டு ஊற்றினால் அது சீழின் மேல் நிற்கும், இல்லாவிட்டால் வெளியே வழியும். ஓட்டையைத் தாண்டிப் போகாது.

காய வைக்கத் திரி போதும். வெந்நீரில் அலசி வெயிலில் காய வைத்த பழைய பருத்தி வேட்டித் துணியைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, முனையைக் கெட்டியாக முறுக்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, திரியை மெல்ல உள்ளே வைத்து ஒரு நிமிஷம் விடுங்கள். நனைந்து வந்ததும் எறிந்துவிட்டுப் புதுத் திரி வையுங்கள். திரி உலர்ந்து வெளியே வரும்வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் ஆறேழு திரி ஆனால் ஆச்சரியமில்லை. ஈர்க்குச்சி, தீக்குச்சி, ஊக்கு, பஞ்சுக் குச்சி எதுவும் வேண்டாம். அவை சீழை உள்ளே தள்ளும், தோலைக் கீறும். பகலெல்லாம் பஞ்சடைத்துக்கொண்டு திரிவதும் தவறு. அது சீழை உள்ளேயே தேக்கிவைக்கும்.

காது உலர்ந்ததும் மருந்து. மருத்துவர் காதை விளக்கு வைத்துப் பார்த்து எழுதித் தருவது பெரும்பாலும் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஆஃப்ளாக்சசின் 0.3 சதவீதச் சொட்டு. மாத்திரையை விட இது மேல். காரணம் எளிது: அந்தச் சொட்டில் 1 மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால் ரத்தத்தில் சேரும் மருந்தின் செறிவு ஏறக்குறைய சொட்டின் செறிவில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். நடுக்காதின் தழும்பேறிய சவ்வுக்கு அதுவும் சரியாகப் போய்ச் சேர்வதில்லை.

குப்பியை உள்ளங்கையில் இரண்டு மூன்று நிமிஷம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மழைக்குளிரில் இருந்த சொட்டை அப்படியே ஊற்றினால் தலை சுற்றும். கெட்ட காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, மருத்துவர் வேறு அளவு சொல்லாவிட்டால் நாலைந்து சொட்டு விடுங்கள். பிறகு காதின் முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பை ஐந்தாறு முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தை ஓட்டை வழியே உள்ளே தள்ளுகிறது. ஐந்து நிமிஷம் அப்படியே கிடக்கட்டும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம்: மருந்து நடுக்காதைத் தாண்டி மூக்கின் பின்பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல அடையாளம்.

ஒரு மாதிரிக்கு, ஏரிக்கரைத் தெருவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். ஐந்து வயதிலிருந்தே ஒவ்வொரு சளிக்கும் வலது காது ஒழுகுகிறது. பள்ளிக்குப் போகுமுன், வந்த பிறகு, படுக்கப்போகையில் என மூன்று வேளையும் திரி, பின் சொட்டு. நாலாம் நாள் சீழ் மெலிகிறது, ஆறாம் நாள் திரி காய்ந்து வருகிறது. இங்கேதான் பெரும்பாலான வீடுகள் மருந்தை நிறுத்துகின்றன. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது, பதினான்கு நாளும் போட வேண்டும். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் திரி மறுபடி நனைந்து வரும். மருந்து தோற்றுவிட்டது என்று கடைக்குப் போய் வேறு சொட்டு கேட்பார்கள். தோற்றது மருந்தில்லை, குளியல்.

குளிக்கும்போது பஞ்சில் வாசலைன் தடவிக் காதை அடையுங்கள். வெறும் பஞ்சு தண்ணீரை உறிஞ்சி உள்ளே விடும். குளித்ததும் எடுத்து எறிந்துவிட வேண்டும். தீபாவளிக்குத் தலையில் எண்ணெய் வைக்கலாம், காதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எல்லாம் பாட்டி அன்போடு ஊற்றுவதுதான். ஓட்டையுள்ள காதுக்கு அவை அழுக்குத் தண்ணீர்தான். ஏரி, கிணறு, வீடூர் அணைப் பக்கம் முங்கிக் குளிப்பது இந்தப் பருவம் முழுக்க வேண்டாம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும்போது கவனம் தேவை. ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டை வழியே உட்காதுக்குப் போய்க் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும். குறும்பி கரைக்கும் சொட்டும் ஓட்டையுள்ள காதுக்கு ஆகாது. திறந்த குப்பியை ஒரு மாதத்துக்குமேல் வைத்துக்கொண்டு அடுத்த வருஷமும் ஊற்றாதீர்கள். சீழ் நின்று, கடுமையாக அரித்து, உள்ளே கருப்புப் புள்ளிகளோ நனைந்த காகிதம் மாதிரி வெள்ளைப் படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. நாள்கணக்கில் சொட்டு போட்டவர்களுக்கு வருவது. அதே சொட்டைத் தொடர்ந்தால் வளரத்தான் செய்யும்.

பதினான்கு நாளும் சரியாகச் செய்தும் ஒழுகினால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ போய்க் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கொஞ்சமாக வடிந்தாலும் நாற்றமடித்தால், ரத்தம் கலந்தால், இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம். எலும்பை அரிக்கும் தோல்கட்டி உள்ளே இருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சைதான். காதின் பின்னால் வீக்கம், முகம் ஒரு பக்கம் கோணுதல், தலைசுற்றல், காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்றால் அன்றே, இரவானாலும் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் காதுவலி தூங்கவிடாமல் வந்தாலும் அப்படியே.

மழை வலுத்து வழி அடைபடும் முன்பே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். காது காய்ந்த பிறகும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். சில மாதம் சீழ் இல்லாமல் தாண்டினால் சவ்வு ஒட்டும் அறுவை சிகிச்சை பற்றி மருத்துவமனையிலேயே கேளுங்கள். போகும்போது இதுவரை போட்ட சொட்டுக் குப்பிகளையும் சீட்டுகளையும் பையில் எடுத்துச் செல்லுங்கள்.