போனஸ் தொகையும் கடன்களின் வரிசையும்

இரயில்வே ஊழியருக்கு 2025ஆம் ஆண்டில் 78 நாள் ஊதியத்திற்கு இணையான போனஸ் அறிவிக்கப்பட்டது. மாதம் 7,000 ரூபாய் என்னும் உச்சவரம்பைக் கொண்டே அது கணக்கிடப்படுவதால், கைக்கு வருவது அதிக அளவாக 17,951 ரூபாயே. இரண்டரை மாதச் சம்பளம் வரும் என்றெண்ணி முன்கூட்டியே செலவு செய்பவர் இங்கேயே இடறுகிறார்.

இத்தொகையைப் பெறும் இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவருக்கு இரு கடன்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் வாங்கிய 10,000 ரூபாய்க் கைக்கடன். மற்றொன்று, குளிர்பதனப் பெட்டிக்காக வாங்கிய 12,000 ரூபாய்த் தவணைக் கடன். 12 விழுக்காடு நிலை வட்டியில் மாதம் 1,120 ரூபாய் வீதம் 12 தவணைகள். அவற்றுள் 9 செலுத்தப்பட்டுவிட்டன.

மாதந்தோறும் சம்பளத்தை அரிக்கும் தவணைக் கடனையே முதலில் முடிக்க மனம் விழையும். நிலை வட்டியோ முழு அசலின்மீது தொடக்கத்திலேயே கணக்கிடப்படுவது. அசல் குறைந்துவருவதைக் கருதினால் அதன் உண்மைச் சுமை ஆண்டுக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு. ஆயினும் எஞ்சிய மூன்று தவணைகளுக்குக் கடன் கொடுத்தவர் வட்டித் தள்ளுபடி அளிக்காவிடில், 3,360 ரூபாயை இன்றே கட்டுவதால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. ஆகவே முடிக்குமுன் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும்.

கைக்கடனின் நிலை வேறு. அதற்கு மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600 ரூபாய் வட்டி போகிறது. அசலோ அப்படியே நிற்கிறது. அதே 10,000 ரூபாயைப் பொது வருங்கால வைப்பு நிதியில் இட்டால், 2025ஆம் ஆண்டின் 7.1 விழுக்காட்டில் ஓராண்டில் கிடைப்பது 710 ரூபாய். கடனை வைத்துக்கொண்டு சேமிப்பவர் 2,890 ரூபாயை இழக்கிறார். எனவே இக்கடனே முதலிடம் பெறுகிறது. பணம் கொடுத்த அன்றே கடன் பத்திரத்தைத் திரும்பப் பெறுதல் வேண்டும். ஒரு பகுதி மட்டும் கட்டினால் அதைப் பத்திரத்தின் பின்புறம் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

எஞ்சுவது 7,951 ரூபாய். இதில் பண்டிகைச் செலவுக்கு ஒரு பங்கு ஒதுக்குவது ஊதாரித்தனம் ஆகாது. எப்படியும் வாங்கப்போகும் பிள்ளைகளின் துணிமணிக்கு 3,951 ரூபாயை ஒதுக்காதவர், அதே கடன்காரரிடம் மீண்டும் போய் நிற்பார். (புதுக் கைக்கடிகாரம் இக்கணக்கில் சேராது.) மீதி 4,000 ரூபாய் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அங்கு வட்டி குறைவுதான். எனினும் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மறுநாளே எடுக்கக்கூடிய பணம் அது. அவசரத்திற்கென ஒன்றும் வைக்காமல் முழுவதையும் கடனுக்கே கொடுத்தவர்கள், சில மாதங்களில் அதே மூன்று வட்டிக்குத் திரும்புவதுண்டு.

இனி வட்டிக்குப் போகாத 300 ரூபாயும், மூன்று மாதங்களுக்குப்பின் விடுபடும் 1,120 ரூபாயும் சம்பளத்தோடு கலந்துவிட்டால் எங்கே போயின என்று தெரியாது. சம்பள நாளன்றே 300 ரூபாயை அதே அஞ்சலகக் கணக்கில் இட்டுவந்தால், அடுத்த போனஸ் வரும்போது அங்கு 3,600 ரூபாய் கூடுதலாக இருக்கும்.