கூட்டுத் தொழிலில் பாதிப் பொறுப்பு என்பது உண்டா?

தனித்தனியே தொழில் செய்துவரும் ஒரு டிசைனரும் ஒரு டெவலப்பரும், தனியாளாக நின்று கேட்டால் கிட்டாத பெரிய வேலையொன்றை இனிச் சேர்ந்து கேட்பது என்று தீர்மானிக்கும்போது, அவர்களுக்குள் எழும் முதல் ஏற்பாடு அநேகமாக இவ்விதமாகவே இருக்கும்: “டிசைனுக்கு நீ பொறுப்பு, கோடுக்கு நான் பொறுப்பு, வருகிற பணத்தில் ஆளுக்குப் பாதி.” கேட்பதற்கு நியாயமாகவும் சிநேகபாவம் நிறைந்ததாகவும் உள்ள இந்த ஏற்பாட்டில் அடங்கியிருக்கும் நம்பிக்கைகளை, 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தோடும் இத்தொழிலின் நடைமுறையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் அவசியம் என்பது என் அபிப்பிராயம்.

வேலையைப் பிரித்துக்கொண்டதால் பொறுப்பும் பிரிந்துவிட்டது என்பது அவற்றுள் முதலாவதும் மிகுந்த அபாயம் உடையதுமான நம்பிக்கை. சட்டத்தின் 25-ஆம் பிரிவு, ஒருவர் கூட்டாளியாக இருக்கும் காலத்தில் கூட்டு நிறுவனத்தின் பெயரால் நடந்த ஒவ்வொரு காரியத்துக்கும் அவர் மற்றவரோடு சேர்ந்தும் தனித்தும் பாத்தியப்பட்டவர் என்கிறது. உதாரணமாக, திருப்பூரில் பின்னலாடை விற்கும் ஒரு வியாபாரிக்கு, வெளியூர்க் கடைக்காரர்கள் சரக்குக் கேட்டு ஆர்டர் கொடுப்பதற்கான இணையதளம் ஒன்றை இவர்கள் ஆறு லட்சம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். டிசைனர் தம் கணினியில் உபயோகிப்பதற்கு மட்டும் உரிமம் பெற்றிருந்த ஓர் எழுத்துருவை இணையதளத்திலும் சேர்த்துவிட, அதன் உரிமையாளர் வியாபாரிக்கு நோட்டீஸ் அனுப்பி நஷ்டஈடு வாங்கிவிடுகிறார் என்றால், அந்தத் தொகை முழுவதையும் டெவலப்பரிடமே வசூலிக்க வியாபாரிக்கு இடமுண்டு. ‘எழுத்துரு என் இலாகா அல்ல’ என்ற பதில் அவரிடத்தில் செல்லாது. இவர் செலுத்தியதைத் தம் கூட்டாளியிடமிருந்து திரும்பப் பெறலாமே என்றால், அங்கும் சட்டம் எதிர்பார்த்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில் நஷ்டமும் இருவருக்கும் சமமே என்று 13-ஆம் பிரிவு விதிக்கிறது. மோசடியாலோ வேண்டுமென்றே செய்த அலட்சியத்தாலோ விளைந்த நஷ்டத்தைத்தான் அதற்குக் காரணமானவர் ஈடுசெய்ய வேண்டும். வெறும் கவனக்குறைவால் நேர்ந்த நஷ்டம் இருவர் தலையிலும் விழும். ஆகவே, எழுத்துரு, படம், ஐகான் ஆகியவற்றின் உரிமத்துக்கு டிசைனரும், சேர்க்கப்படும் நிரல் தொகுப்புகளின் உரிமத்துக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் டெவலப்பரும் உத்தரவாதம் என்றும், அதில் தவறியவர் மற்றவருடைய நஷ்டத்தை ஈடுசெய்வார் என்றும் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தாக வேண்டும். அப்போதும் வாடிக்கையாளருக்கு முன் இருவரும் முழுப்பொறுப்பாளர்களே. ஷரத்து இவர்கள் இருவருக்கிடையில் மட்டுமே பேசும்.

‘நாங்கள்தான் பத்திரமே எழுதவில்லையே, ஆகவே கூட்டாண்மையும் இல்லை, பொறுப்பும் இல்லை’ என்று ஆறுதல் கொள்பவர்களும் உண்டு. இருவரும் சேர்ந்து, அல்லது இருவருக்காகவும் ஒருவர் நின்று, ஒரு தொழிலை நடத்தி லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொண்டாலே கூட்டாண்மை உண்டாகிவிடும். அந்த ஒப்புதல் வாய்மொழியாக இருந்தாலும் போதும். பத்திரம் இல்லாததனால் நேர்வது ஒன்றே: உங்கள் விருப்பம் எழுத்தில் இல்லாத இடங்களிலெல்லாம் சட்டத்தின் பொது விதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பணத்தைப் பாதியாகப் பிரிப்பதில் சட்ட விரோதம் ஏதுமில்லை. ஆனால் அது நியாயமாக முடிவது அபூர்வம். காரணம், டிசைன் வேலை முன்பாதியில் முடிந்துவிட, நிரல் எழுதுபவரின் பாரம் பின்பாதியிலும், தளம் வெளியான பிறகு வரும் திருத்தங்களிலும் குவிந்துகிடப்பதுதான். நமது திருப்பூர் வேலையில் கையெழுத்தானதும் 1,80,000, சோதனை ஓட்டத்தின்போது 2,40,000, தளம் வெளியானபின் 1,80,000 என மூன்று தவணைகள் என்றும், ஒவ்வொன்றையும் வந்தவுடன் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றும் கொண்டால், இரண்டாம் தவணையோடு டிசைனர் 2,10,000 ரூபாய் பெற்று வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்தச் சமயத்தில்தான், டிசைன் வரைபடத்தில் அழகாயிருந்த பட்டனில் நீண்ட தமிழ்ப் பெயர் அடங்கவில்லை, சரக்கு தீர்ந்துபோனால் பக்கம் எப்படித் தோன்றவேண்டும் என்பது வரையப்படவில்லை, சிறிய கைபேசித் திரையில் அளவு அட்டவணை வெட்டுப்படுகிறது என்ற குறைகள் வெளிப்படும். இவை டிசைனின் குறையா, கோடின் குறையா என்ற தர்க்கம் நடந்துகொண்டிருக்கும்வரை கடைசித் தவணை வாடிக்கையாளரிடமே தங்கியிருக்கும்.

இதற்கு நான் சிபாரிசு செய்யும் கணக்கு எளிமையானது. ஆறு லட்சத்தில் சர்வர், உரிமம், புகைப்படம் ஆகிய செலவுகளுக்கு 40,000 போக, மேலும் 60,000 ரூபாயைத் திருத்த நிதியாக ஒதுக்கிவைத்து, மீதி ஐந்து லட்சத்தை இருவரும் போட்டுக்கொண்ட உழைப்பு மதிப்பீட்டின்படி, நாற்பதுக்கு அறுபது என்று முடிவானால் இரண்டு லட்சமும் மூன்று லட்சமுமாகப் பகிர்ந்துகொள்ளலாம். தளம் வெளியான மூன்று மாதங்களுக்குள் வரும் திருத்தங்களை எவர் செய்தாலும், முன்பே நிர்ணயித்த மணிக்கூலியை அந்த நிதியிலிருந்து எடுத்துக்கொள்ள, எஞ்சியது அதே விகிதத்தில் பிரியும். டிசைன் ஒப்படைக்கப்பட்டதாகக் கருதுவதற்கு, ஒவ்வொரு பக்கமும் வெறுமையாக இருக்கும் நிலை, தவறு காட்டும் நிலை, நீண்ட பெயர் வரும் நிலை, கைபேசி நிலை ஆகிய நான்கும் வரையப்பட்டு, டெவலப்பர் பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டால், மேற்சொன்ன தர்க்கத்துக்குப் பெரும்பாலும் இடமே இராது.

பதிவு செய்வது கட்டாயமல்ல என்று சொல்வது உண்மையே. ஆதலால் அது வீண் செலவு என்று முடிவுகட்டுவதுதான் பிழை. பதிவாகாத கூட்டு நிறுவனம், தன் ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய பணத்துக்காக வெளியார்மீது வழக்குத் தொடர முடியாதென்று 69-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் வெளியார் அதன்மீது வழக்குத் தொடர எத்தடையும் இல்லை. அந்தக் கடைசி 1,80,000 ரூபாயை வாடிக்கையாளர் தர மறுத்தால், பதிவில்லாதவர்கள் வேண்டிக் கேட்கலாமேயன்றி நீதிமன்றத்தில் நிறுவனத்தின் பெயரால் கேட்க இயலாது. வழக்குப் போட்ட பிறகு அவசரமாகப் பதிவு செய்தாலும் அந்த வழக்குப் பிழைக்காது. பதிவுக்குப் பின் காலவரம்புக்குள் புதிதாகத்தான் தொடுக்க வேண்டும்.

பிரிந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் மெய்யல்ல. காலவரையறை எழுதாத கூட்டாண்மையை ஒருவர் எழுத்துமூலம் அறிவித்தே கலைத்துவிடலாம். ஆயினும் பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை, பழைய கூட்டாளி நிறுவனத்தின் பெயரால் செய்பவை வெளியார் விஷயத்தில் இருவரையுமே கட்டுப்படுத்தக்கூடும். பதிவான நிறுவனத்துக்கு அந்த அறிவிப்பு என்பது பதிவாளருக்கும், அரசிதழிலும், அந்த மாவட்டத்தில் வழங்கும் வட்டாரமொழிப் பத்திரிகை ஒன்றிலும் தரப்படுவது.

இவ்வளவு பாரம் வேண்டாம் என்போர்க்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமையும் எல்எல்பி என்ற வழி உண்டு. அதில் ஒருவரின் தவறுக்கு மற்றவரின் சொந்தச் சொத்து ஈடாகாது. ஆனால் தம் சொந்தத் தவறுக்கு அவரவர் பொறுப்பு நீங்காது என்பதையும், வருமானமே இல்லாத ஆண்டிலும் கணக்கறிக்கைகளைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதையும் அறிந்தே அதில் இறங்க வேண்டும். ஒரே ஒரு வேலைக்காகச் சேர்பவர்களுக்குக் கூட்டாண்மை, எல்எல்பி இரண்டுமே தேவையில்லை: ஒப்பந்தத்தை ஒருவர் தம் பெயரில் எடுத்து, லாபத்தில் பங்கு என்று பேசாமல், குறிப்பிட்ட வேலைக்குக் குறிப்பிட்ட கூலி என்று மற்றவரோடு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே போதுமானது.