இடிதாங்கி: கூரையிலிருந்து எர்த் குழி வரை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் என்ன நடக்கும் என்று அங்குள்ள மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் செம்பனை, நடுவே மேட்டில் ஒரு பள்ளியோ கோயிலோ. இடிதாங்கி வைக்காவிட்டால் மின்னல் தனக்குக் கிடைத்த வழியில் இறங்கும். அது சுவராக இருக்கலாம், விளக்குக் கம்பியாகவும் இருக்கலாம்.

இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை. விழும் மின்னலை ஏற்று மண்ணுக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். ஆகவே கூரை மேல் தெரியும் கூர்முனைக் கம்பியைவிட, சுவரில் இறங்கும் கடத்தியும் அது போய்ச் சேரும் எர்த் குழியும்தான் முக்கியம்.

20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள, தகரக் கூரை போட்ட ஒரு தோட்டப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கூரை உச்சியிலும் ஓரங்களிலும் கம்பிகளை நிறுத்தி, அவற்றைப் பட்டைக் கடத்தியால் இணைத்து, நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கடத்தியை இறக்குகிறோம். வழக்கமாகப் பயன்படுவது 25 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள செம்புப் பட்டை. ஆனால் தகரத்தின் மேல் செம்பு கூடாது. செம்பில் பட்டு வடியும் மழைநீர் தகரத்தின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். அதனால் கூரை மேல் அலுமினியப் பட்டையும், சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்து செம்பும் போடுவார்கள். இரண்டும் சேரும் இடத்தில் அதற்கென்றே செய்த இணைப்பு வேண்டும். அலுமினியத்தை மண்ணில் புதைத்தால் அதுவும் அரித்துப் போகும்.

கடத்தி நேராக, குறுகிய வழியில் இறங்க வேண்டும். ஏன்? மின்னோட்டம் ஒரு மைக்ரோ விநாடியில் 10,000 ஆம்பியர் ஏறினால், ஒவ்வொரு மீட்டர் கடத்தியிலும் ஏறக்குறைய 10,000 வோல்ட் உண்டாகும். ஒரே மின்னலில் அடுத்தடுத்து வரும் வீச்சுகள் இதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி கடத்தியைக் கொண்டி போல வளைத்துவிட்டால், வளைவின் இரு பக்கங்களுக்கும் இடையே காற்றில் பொறி பாயும். மின்னல் வளைவைச் சுற்றி வராது, குறுக்கே தாவும்.

இனி மண். மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் உள்ள மண்ணில், 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு பூசிய கம்பியை 3 மீட்டர் ஆழம் அடித்தால் அதன் தடை சுமார் 33 ஓம். பொதுவாக எதிர்பார்க்கப்படுவதோ 10 ஓமுக்குள். ஆழத்தை 6 மீட்டராக்கினாலும் 19 ஓமுக்குத்தான் குறையும். நான்கு கம்பிகளை அடித்து இணைத்தால்? அவற்றை ஒரே குழியில் ஒரு மீட்டர் இடைவெளியில் நெருக்கி அடித்தால் 14, 15 ஓம் வரும். கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் அடித்து, மண்ணுக்கடியில் பட்டையால் இணைத்தால் 9 ஓமுக்குச் சற்று மேல்தான். கம்பிகளும் மண்ணும் அதே அளவுதான். நெருங்கி நிற்கும் கம்பிகள் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதுதான் வித்தியாசம்.

மேட்டுச் செம்மண்ணின் மின்தடை எண் இதைவிட மிக அதிகமாக இருக்கலாம். அங்கே கம்பியைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணை நிரப்புவார்கள். உப்பும் கரியும் பழைய வழக்கம். நம் ஊர் மழையில் உப்பு எத்தனை நாள் தங்கும்?

தரைக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு கடத்தியிலும் கழற்றி மாட்டக்கூடிய சோதனை இணைப்பு ஒன்று இருக்கும். அதைக் கழற்றி எர்த் மீட்டரை மாட்டுவார்கள். குழியிலிருந்து 30 மீட்டரில் ஒரு முளையும், அதே கோட்டில் சுமார் 18.5 மீட்டரில் இன்னொரு முளையும் அடித்து அளப்பார்கள். மழை பெய்த மறுநாள் அளந்தால் எண் நன்றாக வரும், ஆனால் நம்ப முடியாது. பல நாள் வெயில் அடித்த பிறகு அளப்பதே சரி. முடிந்ததும் இணைப்பைத் திரும்ப மாட்ட வேண்டும். செம்புக்காக யாராவது பட்டையை அறுத்துப் போயிருந்தாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். அறுந்த கடத்திக்குக் கீழே மின்னல் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும், பக்கத்தில் ஆள் நின்றால் அவர் வழியாகவும்.

10 ஓம் இருந்தால் போதுமா? 30,000 ஆம்பியர் மின்னல் அதில் பாயும்போது, ஓம் விதிப்படி, அந்தக் குழி ஒரு கணம் 3,00,000 வோல்ட்டுக்கு ஏறும். பள்ளியின் மின்விநியோக எர்த் தனியாக இருந்தால், அந்த வேறுபாடு சுவரைத் தாண்டி மின்கம்பிக்குள் பாயலாம். அதனால் இரண்டு எர்த்துகளையும் தரையடியில் இணைத்துவிட வேண்டும். அப்போது இரண்டும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். மின்கம்பி வழியே வெளியிலிருந்து வரும் வீச்சுக்கு, மின்பலகையில் வீச்சுக் காப்பான் தனியாக வேண்டும்.

குழியைச் சுற்றியுள்ள மண்ணிலும் அடிக்கு அடி மின்னழுத்தம் மாறும். ஆகவே குழி வாசற்படி அருகிலோ நடைபாதையிலோ இருக்கக் கூடாது. உங்கள் பள்ளியில் எர்த் குழியின் சிமெண்ட் மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடி முழங்கும்போது மட்டும் அங்கே போக வேண்டாம்.